ஃபைஃபோவிலிருந்து சராசரி முறைக்கு: பேரேட்டில் ஏற வேண்டியது எத்தனை லட்சம்?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஃபினிஷிங் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன் சார். எங்கள் கம்பெனியின் 60 சதவீதப் பங்கு பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒரு நிறுவனத்திடம் இருப்பதால் சில வருடங்களாக இண்ட் ஏஎஸ் படிதான் கணக்கு. 2024-25-லிருந்து ஸ்டாக் மதிப்பை ஃபைஃபோவிலிருந்து வெயிட்டட் ஆவரேஜுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். கணக்குப் போட்டதில், சராசரி முறையில் 31-3-2023 ஸ்டாக் 12 லட்சமும், 31-3-2024 ஸ்டாக் 21 லட்சமும், 31-3-2025 ஸ்டாக் 10 லட்சமும் குறைகிறது. 12-ஐயும் 21-ஐயும் கூட்டி 33 லட்சத்துக்கு என்ட்ரி போடு என்கிறார் எங்கள் சீனியர். ஆடிட்டர் ஆபீஸ் தம்பி 21 போதும் என்கிறார். டாலியில் முறையை மாற்றிப் பார்த்தால் போன வருட பேலன்ஸ் ஷீட்டே வேறாகத் தெரிகிறது, பயந்து திரும்பப் பழையபடி வைத்துவிட்டேன். பழைய வருட வருமான வரி ரிட்டர்னையும் திருத்த வேண்டுமா?

பதில்: ஆடிட்டர் ஆபீஸ் தம்பி சொல்வதுதான் சரி. 1-4-2024 தேதியில் ஸ்டாக்கைக் குறைக்க வேண்டிய தொகை 21 லட்சம். ரிட்டர்ன் எதையும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த 21 லட்சம் முழுவதும் ரீடெய்ன்ட் எர்னிங்ஸில் போய் உட்காராது, அதில் ஒரு பங்கு வரிக்குப் போகும். அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் 33 ஏன் தப்பு என்பது உங்கள் சீனியருக்கு விளங்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து வாங்க முடியாது. ஒரு வருடக் கடைசி ஸ்டாக்தான் அடுத்த வருட ஆரம்ப ஸ்டாக். 31-3-2023-ல் ஸ்டாக்கை 12 லட்சம் குறைத்தால் அந்த வருடம் வரையிலான லாபம் 12 லட்சம் குறையும். 2023-24-ல் ஆரம்ப ஸ்டாக் அதே 12 லட்சம் குறைவாக உள்ளே வருவதால் அந்த வருட லாபம் 12 லட்சம் ஏறும். அதே வருடக் கடைசியில் ஸ்டாக்கை 21 லட்சம் குறைப்பதால் லாபம் 21 லட்சம் இறங்கும். ஆக 2023-24-க்கு நிகரமாக 9 லட்சம்தான் இறக்கம். முந்தைய 12-ம் இந்த 9-ம் சேர்ந்தால் 21. பத்து வருடம் பின்னால் போனாலும் இதே கதைதான், ஒவ்வொரு வருட வித்தியாசமும் மறு வருடம் தானாகக் கரைந்து, கடைசித் தேதியின் வித்தியாசம் மட்டும் நிற்கும். 33 போட்டால் பேரேட்டு ஸ்டாக்குக்கும் சராசரி முறை ஸ்டாக் பட்டியலுக்கும் சரியாக 12 லட்சம் உதைக்கும். என்ட்ரி சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது: 1-4-2024 காலையில் பேரேட்டில் உள்ள ஸ்டாக் தொகையும், ஐட்டம் வாரியான சராசரிப் பட்டியலின் கூட்டலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

2024-25 கடைசி வித்தியாசமான 10 லட்சத்துக்குத் தனி என்ட்ரி கிடையாது. இந்த வருட க்ளோசிங் ஸ்டாக்கைச் சராசரி முறையிலேயே எடுப்பீர்கள், அதிலேயே அது அடங்கிவிடும்.

அந்த 21 லட்சம் நம்பத்தக்கதா என்பது அடுத்த கேள்வி. கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, நான் பார்த்த வரையில் தப்பு அதிகம் நடப்பது அங்கேதான். என்ட்ரி நாலு வரி, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்குதான் வேலை.

வெட் ப்ளூ ஆட்டுத்தோல், ஏ ரகம் என்று ஒரு ஐட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு நான் போடுபவை. வருட ஆரம்பத்தில் 10,000 சதுர அடி, சராசரி விலை 60 ரூபாய். ஜூனில் 20,000 அடி 62 ரூபாய்க்கு வருகிறது. ஜனவரியில் 20,000 அடி 70 ரூபாய்க்கு. வருடம் முழுக்க 35,000 அடி டிரம்முக்குப் போய், மார்ச் 31-ல் 15,000 அடி மிச்சம். ஃபைஃபோவில் இந்த 15,000 அடியும் ஜனவரிச் சரக்கு, ஆகவே 10,50,000 ரூபாய். சராசரியில் மொத்த மதிப்பு 32,40,000-ஐ 50,000 அடியால் வகுத்தால் அடிக்கு 64.80, ஸ்டாக் 9,72,000 ரூபாய். வித்தியாசம் 78,000.

ஆனால் சராசரி என்பதே இரண்டு விதம். மேலே நான் போட்டது வருடம் முழுமைக்கும் ஒரே சராசரி. ஒவ்வொரு லோடு வரும்போதும் புதுச் சராசரி போடுவது இன்னொன்று. ஜனவரி லோடு வருவதற்கு முன்பே 18,000 அடி போய்விட்டது என்று வையுங்கள். அப்போது கையில் 12,000 அடி, அடிக்கு 61.33 வீதம் 7,36,000 ரூபாய். அதோடு ஜனவரியின் 14,00,000 சேர்ந்தால் 32,000 அடிக்கு 21,36,000, அடிக்கு 66.75. வருடக் கடைசியில் மிஞ்சும் 15,000 அடி 10,01,250 ரூபாய். அதே சரக்கு, அதே வருடம், இரண்டு சராசரிக்கும் நடுவே 29,250 ரூபாய். இண்ட் ஏஎஸ் 2 இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் எது உங்கள் முறை என்று எழுதி வைத்துவிட்டு, மூன்று தேதிகளுக்கும் அதையே பிடிக்க வேண்டும். பழைய இரண்டு தேதிகளுக்கு எக்ஸலில் வருடச் சராசரியும், இந்த வருடத்துக்கு சாஃப்ட்வேர் தரும் வேறு சராசரியும் கலந்துவிட்டால், முறை மாற்றத்தின் விளைவு எது, கணக்கு முறையின் குழப்பம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. சாஃப்ட்வேர் எந்தச் சராசரியைப் போடுகிறது என்று தெரிய, ஒரே ஒரு ஐட்டத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

எவ்வளவு தூரம் பின்னால் போவது? இண்ட் ஏஎஸ் 8 சொல்வது, எப்போதுமே சராசரி முறையில் இருந்ததுபோலக் கணக்கு நிற்க வேண்டும் என்பது. கம்பெனி ஆரம்பித்த நாள் வரை போக வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். மேலே பார்த்த ஐட்டத்தில் ஆரம்ப ஸ்டாக் வருட மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆரம்ப விலையில் அடிக்கு 2 ரூபாய் தவறு இருந்தாலும் வருடக் கடைசிச் சராசரியில் அது 40 பைசாவாகிவிடும், அதற்கடுத்த வருடம் 8 பைசா. ஆகவே 1-4-2021-ல் ஃபைஃபோ மதிப்பிலேயே தொடங்கி இரண்டு வருடம் ஓட்டினால், 31-3-2023 எண் போதுமான அளவுக்குச் சரியாக வந்துவிடும். எவ்வளவு தவறு மிஞ்சும் என்பதை இப்படியே ஒரு தாளில் காட்டுங்கள், ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார். மெதுவாக நகரும் சரக்குக்கு இது ஓடாது. வருடத்துக்கு ஒரு தடவை வாங்கும் டை, ஃபினிஷிங் கெமிக்கல் மாதிரியானவற்றை இன்னும் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், எண்ணிக்கை குறைவுதான். பழைய பதிவே இல்லை என்றால், எந்தத் தேதியிலிருந்து முடியுமோ அங்கிருந்து பிடிக்க இண்ட் ஏஎஸ் 8 வழி விடுகிறது. ஆனால் நியாயமான எல்லா முயற்சியும் செய்தும் முடியவில்லை என்று காட்ட வேண்டும். சர்வர் மாற்றினோம், பழைய டேட்டா எங்கேயோ இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

உங்கள் 21 லட்சத்தில் வெட் ப்ளூவும் கெமிக்கலும் மட்டும் இருக்கிறதா, டிரம்மிலும் டோகிளிங்கிலும் கிடக்கும் அரைகுறைச் சரக்கும் முடிந்த தோலும் சேர்ந்திருக்கிறதா? முடிந்த தோலின் அடக்கவிலைக்குள் வெட் ப்ளூ இருக்கிறது. அது ஃபைஃபோ விலையில் உள்ளே போயிருந்தால் அதையும் சராசரிக்குக் கொண்டுவர வேண்டும். கச்சாப் பொருளை மட்டும் மாற்றிவிட்டு முடிந்த சரக்கை மறந்துவிடும் கம்பெனிகள் நிறைய. டாலியில் உற்பத்தி வவுச்சர் போட்டிருந்தால் அன்றைக்கு விழுந்த விலை முடிந்த தோலில் அப்படியே நிற்கும், கச்சாப் பொருளின் முறையை மாற்றியதால் மட்டும் அது நகராது. அதைத் தனியாக எக்ஸலில்தான் போட வேண்டும். உங்கள் 21-ல் வெட் ப்ளூவும் கெமிக்கலும் 14 லட்சம், நடப்பு வேலை 3 லட்சம், முடிந்த தோல் 4 லட்சம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முடிந்த தோலில் இன்னொரு கண்ணி. விற்கும் விலைக்கு ஏற்கெனவே இறக்கி வைத்த சரக்கு இருக்கும், ஆர்டர் ரத்தாகி நிற்கும் கலர்கள் மாதிரி. ஒரு லாட்டின் ஃபைஃபோ அடக்கம் அடிக்கு 150, விற்றால் செலவு போகக் கிடைப்பது 140, அதனால் கணக்கில் 140 இருக்கிறது என்று வையுங்கள். சராசரி அடக்கம் 143 என்றால் புது முறையிலும் அது 140-தான். வித்தியாசம் பூஜ்யம், 7 ரூபாய் அல்ல. சராசரி அடக்கம் 138 என்றால் வித்தியாசம் 2 ரூபாய். அடக்கத்தை அடக்கத்தோடு ஒப்பிடக் கூடாது. இரண்டு முறையிலும் பேலன்ஸ் ஷீட்டில் வந்து நிற்கும் தொகையை ஒப்பிட வேண்டும்.

சரி, என்ட்ரிக்கு வருவோம். கம்பெனி 115பிஏஏ பிரிவில் 25.168 சதவீதம் வரி கட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

1-4-2024
ரீடெய்ன்ட் எர்னிங்ஸ் பற்று: 15,71,472
டெஃபர்ட் டாக்ஸ் அசெட் பற்று: 5,28,528
கச்சாப் பொருள் ஸ்டாக் வரவு: 14,00,000
நடப்பு வேலை ஸ்டாக் வரவு: 3,00,000
முடிந்த சரக்கு ஸ்டாக் வரவு: 4,00,000
(ஸ்டாக் மதிப்பீடு ஃபைஃபோவிலிருந்து வெயிட்டட் ஆவரேஜுக்கு மாறியதால் 31-3-2024 வரையிலான மொத்த விளைவு)

செலவுக் கணக்கு எதுவும் இதில் வராது. பழைய வருடங்களின் செலவெல்லாம் மூடப்பட்டு ரீடெய்ன்ட் எர்னிங்ஸில் போய்ச் சேர்ந்தாயிற்று. இந்த வருட லாப நட்டக் கணக்கில் 21 லட்சத்தை நுழைத்தால் அது தவறு.

டெஃபர்ட் டாக்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். வருமான வரிக்கு ஸ்டாக் மதிப்பை முடிவு செய்வது ஐசிடிஎஸ் 2. ஒரு வருடத்தின் ஆரம்ப ஸ்டாக், முந்தைய வருடக் கடைசி ஸ்டாக்கின் மதிப்பேதான் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உங்கள் கணக்கில் 1-4-2024 ஸ்டாக் 21 லட்சம் இறங்கிவிட்டாலும், வரிக்கு அது இறங்காமல் அப்படியே நிற்கிறது. வரிக் கணக்கில் ஸ்டாக் அதிகம், நம் கணக்கில் குறைவு. அந்த 21 லட்சத்துக்கு வரிச் சலுகை இனிமேல்தான் வரப்போகிறது. அதுதான் அசெட்.

எப்போது வரும்? இதே 2024-25-ல். உங்கள் மொத்த ஸ்டாக் 31-3-2024-ல் ஃபைஃபோவில் 520 லட்சம், சராசரியில் 499 என்று வைப்போம். 31-3-2025-ல் ஃபைஃபோவில் 475, சராசரியில் 465. கணக்குப் புத்தகத்தில் 499-ல் தொடங்கி 465-ல் முடிக்கிறீர்கள். வரிக்கு 520-ல் தொடங்கி 465-ல் முடிக்கிறீர்கள். வரிக்கு உரிய லாபம் புத்தக லாபத்தைவிட 21 லட்சம் குறைவு. நடப்பு வரி 5,28,528 ரூபாய் குறையும், அதே தொகைக்கு டெஃபர்ட் டாக்ஸ் செலவைப் பற்று வைத்து அசெட்டை நேர் செய்துவிடலாம். 31-3-2025-ல் இரண்டு பக்கமும் 465, வித்தியாசம் தீர்ந்தது. பழைய ரிட்டர்ன்களை ஏன் தொட வேண்டாம் என்பதற்கும் இதுவே பதில். பழைய வருடங்களின் வரிக்குரிய வருமானம் மாறவே இல்லை.

ஆனால் ஐசிடிஎஸ் 2-ல் ஒரு நிபந்தனை இருக்கிறது: நியாயமான காரணம் இல்லாமல் மதிப்பீட்டு முறையை மாற்றக் கூடாது. ஒரே வருடத்தில் 21 லட்சம் கழிவு வருவதால் வரி அதிகாரி கேட்பார் என்று எண்ணியே காரணத்தை எழுதி வையுங்கள். 'தலைமைக் கம்பெனி சொன்னது' என்ற ஒரு வரி போதாது. குழுமத்துக்கு ஒரே கொள்கை வேண்டும் என்பது இண்ட் ஏஎஸ் 110 கேட்பதுதான், ஆனாலும் உங்கள் தனிக் கணக்குக்கு, புது முறை கூடுதல் பொருத்தமான தகவலைத் தருகிறது என்று காட்டியாக வேண்டும். உங்கள் தொழிலில் அந்தக் காரணம் குடோனிலேயே கிடைக்கும். ஜூன் லோடும் ஜனவரி லோடும் செலெக்‌ஷன் மேசைக்கு வந்து ஏ, பி, சி என்று பிரிந்தபின் ஒரே அடுக்கில்தான் ஏறுகின்றன. எடுப்பவர் மேலிருந்து எடுப்பார். எந்தத் தோல் எந்த லோடு என்று ஸ்டோர் கீப்பருக்கே தெரியாது. பழையது முதலில் போகிறது என்ற அனுமானம் அங்கே நடப்பதற்குப் பொருந்தவில்லை, சராசரி பொருந்துகிறது. இதைச் செலெக்‌ஷன் ரிஜிஸ்டரின் நகலோடு போர்டு தீர்மானத்தில் சேருங்கள். ஒரு குறிப்பிட்ட எக்ஸ்போர்ட் ஆர்டருக்கென்று தனியாக வாங்கிப் பிரித்து வைத்த லோடு இருந்தால் அதைச் சராசரியில் கலக்காதீர்கள். அது தன் சொந்த விலையிலேயே நிற்க வேண்டும். விலை இறங்கும் வருடத்தில் மறுபடி ஃபைஃபோவுக்குத் திரும்பலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நடக்காது.

நிதிநிலை அறிக்கையில் என்ன மாறும்? பேரேட்டில் ஒரே என்ட்ரியாக ஏறிய 21 லட்சம், அறிக்கையில் இரண்டாகப் பிரியும். ஈக்விட்டி மாற்ற அறிக்கையில் 1-4-2023 ஆரம்ப இருப்புக்குக் கீழே கொள்கை மாற்ற விளைவாக 8,97,984 ரூபாய் கழியும். 12 லட்சத்தில் வரி 3,02,016 போக மிச்சம் அது. 2023-24 லாப நட்டப் பத்தியில் செலவு 9 லட்சம் ஏறி, டெஃபர்ட் டாக்ஸ் 2,26,512 இறங்கி, லாபம் 6,73,488 குறையும். அந்த வருட நடப்பு வரியைத் தொடாதீர்கள், அது கட்டி முடித்த வரி. இரண்டையும் கூட்டினால் என்ட்ரியில் உள்ள 15,71,472 வர வேண்டும். 2023-24 பத்தியின் தலையில் 'ரீஸ்டேட்டட்' என்று போட்டு, பங்குக்கு லாபம் எவ்வளவு மாறியது என்பதையும் மாற்றிக் காட்ட வேண்டும். 1-4-2023 பேலன்ஸ் ஷீட்டில் விளைவு குறிப்பிடத்தக்கது என்று ஆடிட்டர் கருதினால் அந்தத் தேதிக்கும் மூன்றாவது பத்தி ஒன்று வரும். 12 லட்சம் உங்கள் மொத்த ஸ்டாக்கோடு ஒப்பிட்டால் சிறியது, ஆனால் முடிவு அவருடையது, அறிக்கை டைப் ஆவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கையெழுத்தாகி ஆர்ஓசியில் ஏறிய 2023-24 கணக்கைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை. இந்த வருட அறிக்கையின் ஒப்பீட்டுப் பத்தியிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

இதைப் படிக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலோர் இண்ட் ஏஎஸ்ஸில் இல்லை. பட்டியலிட்ட கம்பெனி, 250 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர மதிப்பு உள்ள கம்பெனி, அவற்றின் தாய், துணை, கூட்டு, இணை நிறுவனங்களுக்குத்தான் அது. மற்றவர்களுக்குப் பழைய ஏஎஸ் 5. அதில் ரீஸ்டேட்மென்ட் என்ட்ரியே கிடையாது. ஆரம்ப ஸ்டாக்கைத் தொடாமல் கடைசி ஸ்டாக்கை மட்டும் புது முறையில் எடுத்து, லாபத்தில் எவ்வளவு மாறியது என்று குறிப்பில் எழுத வேண்டும். மேலே உள்ள அதே எண்களில், 520-ல் தொடங்கி 465-ல் முடித்தால், ஃபைஃபோவில் வந்திருக்கும் லாபத்தைவிட 10 லட்சம் குறைவு. இண்ட் ஏஎஸ்ஸில் 499-ல் தொடங்குவதால் அதே ஃபைஃபோ லாபத்தைவிட 11 லட்சம் அதிகம். ஒரே சரக்கு, ஒரே மாற்றம், ஒரு கம்பெனிக்கு லாபம் இறங்குகிறது, இன்னொன்றுக்கு ஏறுகிறது. பக்கத்து டேனரி அக்கவுண்டன்ட்டிடம் கேட்டு என்ட்ரி போடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

இனி டாலி. நீங்கள் பார்த்தது கோளாறு அல்ல. ஐட்டத்தில் `Costing Method`-ஐ `FIFO`-விலிருந்து `Avg. Cost`-க்கு மாற்றினால் அது இன்றைய தேதியிலிருந்து மாறாது, அந்த டேட்டாவில் உள்ள எல்லா வருடத்துக்கும் மாறும். ஸ்டாக்கும் கணக்கும் இணைந்திருந்தால், கையெழுத்தான 2023-24 பேலன்ஸ் ஷீட் திரையில் வேறு எண்ணைக் காட்டும், ஆரம்ப லாபமும் சேர்ந்தே நகர்ந்துவிடும். அதன் மேல் மேற்படி என்ட்ரியையும் போட்டால் 21 லட்சம் இரண்டு தடவை கழியும். பயந்து திருப்பி வைத்தது நல்லதுதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் பேக்கப் எடுத்து, வேறு ஃபோல்டரில் அதைத் திறந்து, அந்த நகலில் மட்டும் முறையை மாற்றுங்கள். மூன்று தேதிகளுக்கும் `Stock Summary` எடுத்து, பழைய டேட்டாவின் அதே தேதி அறிக்கையோடு ஐட்டம் வாரியாக எக்ஸலில் வைத்துக் கழியுங்கள். அளவு ஒவ்வொரு ஐட்டத்திலும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அடி ஒத்துப்போகாவிட்டால் விலையைப் பார்ப்பதில் பயனில்லை, வேறு எங்கோ தவறு. விலை ஏறிய வருடத்தில் சராசரி மதிப்பு ஃபைஃபோவைவிட அதிகமாக வரும் ஐட்டங்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவற்றில் நெகட்டிவ் ஸ்டாக் ஓடியிருக்கும், அல்லது பூஜ்ய விலையில் ஒரு வரவு விழுந்திருக்கும்.

உண்மையான புத்தகத்துக்கு, 1-4-2024-லிருந்து டேட்டாவைப் பிரித்து, பழையதை அப்படியே பூட்டி வையுங்கள். புதியதில் ஐட்டங்களுக்கு `Avg. Cost` வைத்து, ஆரம்ப மதிப்பாகச் சராசரி விலைகளை ஏற்றுங்கள். ஸ்டாக் அங்கே ஒரு லெட்ஜராக இல்லை, ஐட்டங்களின் கூட்டலாகத்தான் இருக்கிறது. அதனால் மற்ற லெட்ஜர்கள் பழைய இருப்பிலேயே இருந்தால் `Difference in Opening Balances` என்று 21,00,000 எழும். எழ வேண்டும். ரீடெய்ன்ட் எர்னிங்ஸின் ஆரம்ப இருப்பை 15,71,472 குறைத்து, டெஃபர்ட் டாக்ஸ் அசெட்டில் 5,28,528 ஏற்றியதும் அந்த வரி மறைந்துவிடும். ஒரு ரூபாய் மிஞ்சினாலும் விடாதீர்கள், ஏதோ ஓர் ஐட்டம் விடுபட்டிருக்கும். வவுச்சரின் அச்சுப் பிரதியும் எக்ஸல் தாளும் போர்டு தீர்மானமும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். 1-4-2023 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் கட்டாயம் என்பதால், பழைய டேட்டாவில் நீங்கள் முறையை மாற்றித் திருப்பியதன் தடம் அதில் இருக்கலாம். ஆடிட்டர் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள், சோதனைக்கு மாற்றினேன், திருப்பிவிட்டேன் என்று. அதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக வங்கி. ஸ்டாக்கின் மேல் 5 கோடிக்கு மேல் லிமிட் வாங்கியிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் காரோ அறிக்கையில் எழுத வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பருக்கு நீங்கள் ஃபைஃபோவில் கொடுத்திருப்பீர்கள். இப்போது புத்தகம் சராசரியில். அந்த மூன்று தேதிகளுக்கும் இரண்டு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ரீகன்சிலியேஷன் தாள் போட்டு, மேனேஜருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பிவிடுங்கள். டிராயிங் பவர் கொஞ்சம் குறையும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.